ரவுண்ட்ஸ் முடிந்தபின் எழுதும் கடிதம்

தலைமையாசிரியர் வகுப்பு வகுப்பாக ரவுண்ட்ஸ் போனால் பிள்ளைகளின் படிப்பு முன்னேறும் என்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மியாமி-டேட் மாவட்டப் பள்ளிகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜேசன் கிரிஸம், சுசானா லோப், பெஞ்சமின் மாஸ்டர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏறத்தாழ நூறு தலைமையாசிரியர்களுக்குப் பின்னால் நாள் முழுவதும் ஆட்கள் நடந்து, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்தார்கள். கற்பித்தலைச் சார்ந்த வேலைகளுக்குப் போனது அவர்களுடைய நேரத்தில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் பெரிய பகுதி வகுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நகரும் சிறு ரவுண்ட்ஸ்களுக்குப் போயிற்று. ஆசிரியரோடு உட்கார்ந்து பேசி வழிகாட்டிய நேரம் ஒரு சதவீதம்கூட இல்லை.

மாணவர் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோது வந்த முடிவு பலருக்குக் கசந்தது. வழிகாட்டலுக்கு நேரம் கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகளின் வளர்ச்சி கூடுதலாக இருந்தது. ரவுண்ட்ஸுக்கு அதிக நேரம் போன பள்ளிகளில், முக்கியமாக உயர்நிலைப் பள்ளிகளில், வளர்ச்சி குறைவாக இருந்தது. ரவுண்ட்ஸால்தான் படிப்பு கெட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே திணறும் பள்ளியில்தான் தலைமையாசிரியர் அதிகம் சுற்றுவார் என்பதும் இருக்கலாம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு தகவல் உண்டு. ரவுண்ட்ஸை ஆசிரியரை வளர்க்கும் வேலையின் பகுதியாகக் கருதாத பள்ளிகளில்தான் இந்தக் குறைவு அழுத்தமாகத் தெரிந்தது. பார்த்ததற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று நான் இதைப் படிக்கிறேன். அந்தப் பிறகு நடப்பதில் முக்கியமான ஒன்று, தலைமையாசிரியர் ஆசிரியருக்கு எழுதும் கடிதம். எது நன்றாக இருந்தது, அடுத்துக் கவனிக்க வேண்டிய இரண்டு கவனப்பகுதிகள் என்னென்ன என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம்.

ரவுண்ட்ஸ் என்ற இந்தக் குறும்பார்வைக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தவர்களில் கேரொலின் டௌனி முக்கியமானவர். மூன்று நிமிடப் பார்வை பற்றிய அவருடைய நூல் 2004இல் வந்தது. படிவத்தில் டிக் அடிக்கும் வேலையாக அதை அவர் நினைக்கவில்லை. பார்வைக்குப் பின் ஆசிரியரைச் சிந்திக்க வைக்கும் உரையாடல்தான் அவர் முறையின் நோக்கம். ஆனால் பள்ளிகளில் பரவியது மூன்று நிமிடம்தான். உரையாடல் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. அதன் இடத்தில் படிவம் வந்து உட்கார்ந்துகொண்டது. நம் ஊரிலும் உற்றுநோக்கல் படிவங்களுக்குக் குறைவில்லை. கைபேசிச் செயலி வரைக்கும் வந்துவிட்டன. கற்றல் உபகரணம் பயன்படுத்தப்பட்டதா, ஆம் அல்லது இல்லை. மாணவர் பங்கேற்பு இருந்ததா, ஆம் அல்லது இல்லை. மேலே அனுப்புவதற்கு இது போதும். வகுப்பை எடுத்தவருக்கு அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

எழுதப்படும் மதிப்பீடுகளே எப்படி வெறுமையாகிவிடும் என்பதற்கு 2009இல் அமெரிக்காவில் நான்கு மாநிலங்களின் பன்னிரண்டு கல்வி மாவட்டங்களைப் பற்றி வந்த ‘விட்ஜெட் எஃபெக்ட்’ அறிக்கை சான்று. திருப்தி, திருப்தியில்லை என்ற இரண்டே தரங்கள் இருந்த மாவட்டங்களில் ஆசிரியர்களில் 99 சதவீதத்துக்கும் மேல் திருப்தி. கடைசியாக நடந்த மதிப்பீட்டில் எதை மேம்படுத்த வேண்டும் என்று குறிப்பாக எதுவும் சொல்லப்படவில்லை என்றவர்கள் நான்கில் மூன்று பேர் அளவுக்கு இருந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள் என்று எழுதிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், யாரும் எதையும் கற்றுக்கொள்ளவும் மாட்டார்கள்.

அப்படியானால் குறையை வெளிப்படையாக எழுதிவிட்டால் சரியாகுமா? அதுவும் அவ்வளவு எளிதாக இல்லை. அவ்ராம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996இல், கருத்துச் சொல்வதால் ஒருவரின் செயல்திறன் என்ன ஆகிறது என்று அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கையில் கிடைத்த அளவீடுகள் 607. சராசரியாகப் பார்த்தால் முன்னேற்றம்தான். ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில், கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கருத்து வேலையைப் பற்றியதாக இருக்கும்வரை கேட்பவர் வேலையைப் பார்க்கிறார். தன்னைப் பற்றியதாக மாறியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போய்விடுகிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். புகழ்ச்சியும் இதிலிருந்து தப்பவில்லை. “நீங்கள் அருமையான டீச்சர்” என்பதும் ஆளைப் பற்றிய பேச்சுதான்.

ஆகவே கடிதத்தில் பலங்களை எழுதும் பகுதியை மருந்துக்கு முன் கொடுக்கும் சர்க்கரையாக நினைப்பது தவறு என்பேன். அங்கேதான் அதிகம் உழைக்க வேண்டும். எது நன்றாக நடந்தது, அதனால் பிள்ளைகளிடம் என்ன நிகழ்ந்தது, அது எங்கே கண்ணில் பட்டது என்ற மூன்றும் அதில் வர வேண்டும். ஆசிரியர் பெரும்பாலும் தன் பலத்தை அறியாமலேதான் செய்துகொண்டிருப்பார். பெயர் வைத்துச் சொன்னால்தான் அதை அடுத்த பாடத்துக்கும் எடுத்துப் போவார்.

ஒரு கற்பனைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இதை நடத்திப் பார்ப்போம். ஓர் அரசு உதவி பெறும் பள்ளி, ஆறாம் வகுப்பு, 38 பிள்ளைகள், கணக்குப் பாடத்தில் வேறுபட்ட பகுதிகளையுடைய பின்னங்களைக் கூட்டுதல். தலைமையாசிரியை மூன்று வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் பத்து நிமிடம் வகுப்பில் இருந்திருக்கிறார். ஒரு முறை பீரியட் தொடக்கத்தில், இரண்டு முறை நடுவில், ஒரு முறை மணி அடிக்கும்வரை. வேண்டுமென்றே வேறுவேறு நேரம். எப்போதும் முதல் பத்து நிமிடத்தையே பார்க்கிறவருக்கு எல்லா ஆசிரியரும் பாடத்தை நன்றாகத் தொடங்குகிறவர்களாகவே தெரிவார்கள்.

கையில் இருந்த நோட்டில் அவர் எழுதியவற்றில் அபிப்பிராயமே கிடையாது. 1/2 + 1/3 கணக்குக்குப் பிள்ளைகள் காகிதப் பட்டையை மடித்தார்கள். ஒரு பையன் கரும்பலகைக்கு வந்து 2/5 என்று விடை எழுதினான். டீச்சர் அதை அழிக்கவில்லை. 2/5 அளவுக்கு ஒரு பட்டையை மடித்து, 1/2 பட்டைக்குப் பக்கத்தில் வைத்து, “கூட்டினா குறையுமா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, அந்தப் பையனும் சிரித்தான், பிறகு அவனே அழித்தான். இன்னொரு நாள் ஒன்பது நிமிடத்தில் டீச்சர் கேட்ட கேள்விகள் 14. அவற்றில் 11க்கு விடை சொன்னது முதல் இரண்டு பெஞ்சில் இருக்கும் நான்கே பிள்ளைகள். மீதி மூன்றுக்கும் வகுப்பே சேர்ந்து குரல் கொடுத்தது. மணி அடித்த நாளில் கடைசிக் கணக்கைப் பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது டீச்சர்.” அன்று தலைமையாசிரியை கடைசி இரண்டு வரிசையில் பத்து நோட்டுகளை வாங்கிப் புரட்டினார். வகுப்பில் போட்ட கணக்கு பத்திலும் சரி. வீட்டுப்பாடமாகத் தந்த 3/4 + 1/6க்கு நான்கு நோட்டில் 4/10 என்று இருந்தது. சரியான விடை 11/12.

இனி கடிதம்.

“டீச்சருக்கு வணக்கம். இந்த மூன்று வாரத்தில் நான்கு முறை உங்கள் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தேன். ஒரு பீரியடைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. அதனால் இதில் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நான் பார்க்காத நேரத்தில் வேறு மாதிரி நடந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

“அன்று ஒரு பையன் 2/5 என்று எழுதியபோது நீங்கள் தவறு என்று சொல்லவே இல்லை. பட்டையை வைத்துக் காட்டிக் கூட்டினால் குறையுமா என்று கேட்டீர்கள். அவனே பார்த்துத் திருத்திக்கொண்டான். அடுத்த கணக்கில் இன்னொரு பிள்ளை, விடை எழுதும் முன்பு ‘பாதியைவிடப் பெரிசா வரணும்’ என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னதை நான் கேட்டேன். விடை வரும் முன்பே அது எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடும் பழக்கத்தை நீங்கள் அந்த வகுப்பில் உண்டாக்கி இருக்கிறீர்கள். தவறு செய்தவன் கூச்சப்படாமல் இருந்தான் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

“இனி இரண்டு விஷயம். முதலாவது, யார் விடை சொல்கிறார்கள் என்பது. புதன்கிழமை நான் இருந்தபோது கேட்ட 14 கேள்வியில் 11க்கு முன்னால் இருக்கும் நான்கு பிள்ளைகளே சொன்னார்கள். கேள்வி முடிந்த உடனே அவர்கள் சொல்லிவிடுவதால் மற்றவர்களுக்கு யோசிக்க நேரமே இல்லை. ஒவ்வொரு பீரியடிலும் மூன்று கேள்வியை மட்டும் முன்கூட்டியே பாடக்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றைக் கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அதற்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மற்ற கேள்விகள் எப்போதும் போல இருக்கட்டும்.

“இரண்டாவது, பீரியடின் கடைசி ஐந்து நிமிடம். பின் வரிசையில் பத்து நோட்டு பார்த்தேன். வகுப்புக் கணக்கு எல்லாவற்றிலும் சரியாக இருந்தது. வீட்டுக் கணக்கில் நான்கு பேர் 4/10 என்று எழுதி இருக்கிறார்கள். பலகையைப் பார்த்து எழுதியதும் தானாகப் போட்டதும் வேறாக இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் போதும். ஒரே ஒரு கணக்கைத் துண்டுச்சீட்டில் பேசாமல் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். சரி, வழி சரி விடை தவறு, வழியே தவறு என்று மூன்று கட்டாகப் பிரித்தால் போதும். மறுநாள் மூன்றாவது கட்டில் இருந்து ஒரு தவறை எடுத்து, நீங்கள் 2/5க்குச் செய்த மாதிரியே செய்யுங்கள்.

“சீட்டைப் பிரிப்பதற்கு நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். செவ்வாய், வியாழன் கடைசி பீரியடில் உங்களுக்கு சப்ஸ்டிட்யூஷன் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி வருகிறேன். அதுவரை இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் உங்களிடம் கேட்கப் போவதில்லை.”

இந்தக் கடிதத்தில் எழுதாமல் விடப்பட்டவை நிறைய. நோட்டில் வேறு குறிப்புகளும் இருந்தன: ஒரு நாள் டீச்சர் நான்கு நிமிடம் தாமதம், பலகையில் எழுத்து கடைசி வரிசைக்குத் தெரியவில்லை, வீட்டுப்பாட நோட்டு இரண்டு வாரமாகத் திருத்தப்படவில்லை. இவற்றையும் சேர்த்திருந்தால் கடிதம் நேர்மையாக இருந்திருக்கும் என்று சிலர் வாதாடலாம். ஆனால் ஐந்து குறையைப் படித்த ஆசிரியர், எளிதாகச் சரிசெய்யக்கூடியதைத்தான் முதலில் சரிசெய்வார். மறுநாள் சரியான நேரத்துக்கு வருவார், பெரிதாக எழுதுவார். 4/10 அப்படியே இருக்கும். தாமதத்தைப் பற்றி வராந்தாவில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்குக் கடிதம் வேண்டியதில்லை. பலகை எழுத்துக்கும் அப்படியே. திருத்தாமல் கிடக்கும் நோட்டு, இரண்டாவது கவனப்பகுதி நடந்தால் தன் முக்கியத்துவத்தையே இழந்துவிடும்.

ஏன் இரண்டு, ஏன் ஒன்று இல்லை என்ற கேள்விக்கு இந்தத் துறையில் ஒருமித்த பதில் கிடையாது. பால் பாம்ப்ரிக்-சாண்டோயோ 2012இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரே ஒரு சிறு செயல், அதுவும் ஒரு வாரத்தில் செய்து முடிக்கக்கூடியதாக, என்று வற்புறுத்துகிறார். அவர் சொல்வது வாரந்தோறும் வகுப்புக்கு வருகிற தலைமைக்குப் பொருந்தும். மாதத்துக்கு ஒரு முறை திரும்பி வந்தாலே பெரிது என்ற நிலையில் இருக்கிறவர் ஒன்றை மட்டும் எழுதினால், அது முதல் வாரத்திலேயே முடிந்துபோகலாம். அல்லது அந்த வகுப்புக்குப் பொருந்தாமல் போய், மூன்று வாரமும் வீணாகலாம். திரும்பி வரும் இடைவெளி எவ்வளவோ அதைப் பார்த்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கு மேல் போனால் இடைவெளி எதுவாக இருந்தாலும் கடிதம் பட்டியலாகிவிடுகிறது.

இன்னும் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டாக இல்லாமல் இருப்பது. மேலே உள்ள கடிதத்தில் இரண்டும் ஒரே கேள்வியில் இருந்து பிறந்தவை: யாருக்குப் புரிந்தது என்பது டீச்சருக்கு எப்படித் தெரிகிறது? இப்போது அவருக்குத் தெரிவது முதல் இரண்டு பெஞ்சின் புரிதலும், சேர்ந்து எழும் குரலும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே தெரிந்துகொள்ள ஒரு வழியும், முடிந்த பின் தெரிந்துகொள்ள இன்னொரு வழியும் கிடைத்தால் மற்றவற்றை அவரே பார்த்துக்கொள்வார். தவறை எப்படிக் கையாளுவது என்று அவருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. 2/5இல் அதைக் காட்டிவிட்டார். அவர் கண்ணுக்கு வராத தவறுகளை அவர் முன் கொண்டுவந்து வைப்பதுதான் மிச்சம். பலமும் கவனப்பகுதியும் இப்படி ஒன்றில் இருந்து ஒன்று கிளைத்தால், ‘நல்லது, ஆனால்’ என்று தொடங்கும் அந்தப் பழகிப்போன வாக்கியத்துக்கே இடமில்லை.

கவனப்பகுதி என்ற பெயரில் எழுதப்படும் பலவற்றை இதோடு ஒப்பிட்டால் பழுது எங்கே என்று தெரியும். ‘மாணவர் பங்கேற்பை அதிகரிக்கவும்’, ‘வகுப்பறை மேலாண்மையில் கவனம் தேவை’, ‘உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் கேட்கவும்’. இவை எல்லாம் ஊரின் பெயர்கள். போகும் வழி எதிலும் இல்லை. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. நாளைக் காலை முதல் பீரியடில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஆசிரியர் கேட்டால், கடிதத்தைப் பார்த்தே பதில் சொல்ல முடிய வேண்டும். அடுத்த முறை வரும்போது அது நடந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்க்கவும் முடிய வேண்டும்.

கேள்வி கேட்டபின் மூன்று எண்ணுவது ஏதோ மனம்போன யோசனை இல்லை. மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி அளவில்தான். அதை மூன்று வினாடிக்கும் மேலே கொண்டுபோனபோது விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசிய பிள்ளைகள் கூடினார்கள், பதிலே இல்லாத கேள்விகள் குறைந்தன. படிக்க எளிது, செய்யக் கடினம். வகுப்பில் மூன்று வினாடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீளமாகத் தெரியும், விடையைத் தானே சொல்லிவிடத் துடிக்கும். அதனால்தான் கடிதம் எல்லாக் கேள்விக்கும் என்று சொல்லாமல் மூன்று கேள்விக்கு மட்டும் என்று நிறுத்திக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்தக் கடிதத்துக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. இங்கே தலைமையாசிரியரிடமிருந்து எழுத்தில் ஒன்று வந்தாலே அது மெமோ. விளக்கம் கேட்டு வரும் தாள், அதற்குப் பதில், அதற்கு மேல் அதிகாரியின் குறிப்பு, கடைசியில் 17(அ), 17(ஆ) என்று போகும் ஒழுங்கு நடவடிக்கை. எழுத்து என்றால் பதிவு, பதிவு என்றால் ஆபத்து என்று ஆசிரியர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பயத்தைச் சமாளிக்காமல் எவ்வளவு நயமாக எழுதினாலும் முதல் வரியிலேயே கதவு மூடிவிடும். ந.க.எண் போட்ட தாளில் தட்டச்சு செய்து, கிளார்க் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினால் அது மெமோதான். உள்ளே என்ன எழுதி இருந்தாலும் சரி. கையால் எழுதி, முதலில் பத்து நிமிடம் நேரில் பேசிவிட்டு, பேசியதையே எழுதி இருக்கிறேன் என்று சொல்லிக் கையில் கொடுப்பது வேறு. நகல் கோப்பில் போகாது என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். ஒரு முறை அந்தக் கடிதம் எங்காவது குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக வந்துவிட்டால், அந்தப் பள்ளியில் அதற்கு அப்புறம் யாரும் எந்தக் கடிதத்தையும் நம்பிப் படிக்க மாட்டார்கள். உண்மையிலேயே நடவடிக்கை எடுக்க வேண்டிய ஆசிரியர் இருந்தால் அதற்குரிய வழி தனியாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதற்கு வாசலாக்கக் கூடாது.

எழுத்தும் மதிப்பீடும் சேர்ந்தாலே கெடுதல் என்று இதற்கு எதிர்ப்பக்கம் போய்விடவும் முடியாது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரப் பள்ளிகளில், ஓராண்டில் நான்கு முறை வகுப்பைப் பார்த்து எழுத்தில் கருத்துத் தரும் முறைப்படியான மதிப்பீடு நடந்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த வேலைக்கென்று பயிற்சி பெற்ற சக ஆசிரியர்கள். எரிக் டெய்லரும் ஜான் டைலரும் 2012இல் அதை ஆராய்ந்தபோது, பல ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர்களின் மாணவர்கள்கூடக் கணக்கில் முன்னேறி இருந்தார்கள். மதிப்பீடு முடிந்த பிறகு வந்த ஆண்டுகளிலும் அது நீடித்தது. வாசிப்பில் அப்படித் தெரியவில்லை. பார்க்கிறவருக்குப் பயிற்சி, திரும்பத் திரும்ப வருதல், குறிப்பான எழுத்து ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. நம் பள்ளிகளில் முதலாவது அநேகமாக இல்லை.

பார்க்கிறவர் கண்ணே எவ்வளவு நம்பத்தக்கது என்பதிலும் சற்று அடக்கம் வேண்டும். ஃபுளோரிடாவின் ஹில்ஸ்பரோ மாவட்டத்தில் ஆண்ட்ரூ ஹோவும் தாமஸ் கேனும் 2013இல் செய்த ஆய்வில், பதிவு செய்த பாடங்களைப் பலர் பார்த்து மதிப்பிட்டார்கள். ஒரே ஆள் இன்னொரு பாடத்தைப் பார்ப்பதைவிட இன்னோர் ஆள் இன்னொரு பாடத்தைப் பார்ப்பது மதிப்பீட்டின் நம்பகத்தை அதிகம் கூட்டியது. அடுத்த ஆண்டு புரூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் கிடைத்த ஆசிரியர்களுக்கே உற்றுநோக்கலில் அதிக மதிப்பெண் விழுகிறது. ஏ செக்‌ஷன் எடுப்பவரும் டி செக்‌ஷன் எடுப்பவரும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று நமக்கு ஆய்வில்லாமலே தெரியும். ஆனாலும் வகுப்பில் நடக்கும்போது இந்த நினைவு நழுவிவிடும். டி செக்‌ஷனில் 14 கேள்வியில் 11க்கு நான்கு பேர் விடை சொன்னார்கள் என்பதும் ஏ செக்‌ஷனில் அப்படியே நடந்தது என்பதும் ஒரே பிரச்சினை இல்லை. முதல் வகுப்பில் மற்றவர்களுக்கு விடை தெரியாமல் இருக்கலாம்; இரண்டாவதில் விடை தெரிந்தும் முந்த முடியாமல் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்வது நோட்டுகள்தான். வகுப்பில் பத்து நிமிடம் இருக்கிறவர் அதில் மூன்று நிமிடத்தைப் பின் வரிசை நோட்டுகளுக்குக் கொடுத்தால் அந்தப் பார்வையின் தரமே மாறிவிடும்.

பாடம் தெரியாத தலைமையாசிரியரின் சங்கடம் வேறு. தமிழ் படித்துத் தலைமைக்கு வந்தவர் பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் உட்கார்ந்தால், சொன்னது சரியா என்றே அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் பொதுப்படையாக எழுதித் தப்பிக்கப் பார்ப்பது இயல்பு. ஆனால் அவராலும் யார் பேசினார்கள், எவ்வளவு நேரம் எழுதினார்கள், பார்த்து எழுதினார்களா தானாக எழுதினார்களா என்று குறிக்க முடியும். பாடத்தின் உள்விஷயத்துக்கு, அதே பாடம் எடுக்கும் மூத்த ஆசிரியரை ஒரு முறை உடன் அழைத்துப் போகலாம். ஹோவும் கேனும் சொன்ன இரண்டாவது கண்ணும் அதனால் கிடைத்துவிடும். கடிதத்தில் ‘பாடப்பொருள் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை’ என்று ஒரு வரி போட்டால் மற்ற வரிகளுக்கு எடை கூடும்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வரும்போது என்ன பார்ப்பது? முதலில் அதே எண்ணிக்கை: எத்தனை பிள்ளைகள் பேசினார்கள். ஆனால் இது எளிதில் ஏமாற்றும். தலைமையாசிரியை உள்ளே நுழைந்ததும் பின் பெஞ்சில் இருந்து ஐந்து பேரைப் பெயர் சொல்லி எழுப்புவது கடினமான காரியம் இல்லை. பிள்ளைகளே காட்டிக்கொடுத்துவிடுவார்கள், தன் பெயரைக் கேட்டுத் திகைத்துப் பக்கத்தில் பார்க்கிற பிள்ளைக்கு இது புதிது. துண்டுச்சீட்டில் இப்படி நடிக்க முடியாது. ஐந்தாறு நாள் சீட்டுக் கட்டுகளை வாங்கிப் பார்த்தால் மூன்றாவது கட்டு மெலிகிறதா, அதே பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று தெரியும். அதே பெயர்கள் வந்தால், பிரச்சினை அந்தப் பீரியடைத் தாண்டி எங்கோ இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் பின்னம் என்றால் என்ன என்பதே பிடிபடாத பிள்ளைகளாக இருக்கலாம். அதற்கு ஆறாம் வகுப்பு டீச்சரை மட்டும் கேட்பது நியாயமில்லை.

ஆசிரியருக்குத் தொடர்ந்து வழிகாட்டுவதால் கிடைக்கும் பலன் பற்றி மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் ஆகியோர் 2018இல் 60 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கற்பிக்கும் முறையில் கண்ட மாற்றம் ஏறத்தாழ அரைத் திட்ட விலக்கம். மாணவர் அடைவில் கண்டது அதைவிடக் குறைவு, 0.18. ஆசிரியர் மாறினாலும் பிள்ளைகளிடம் அது குறைந்த அளவிலேயே வந்து சேர்கிறது. திட்டம் பெரிதாகப் பெரிதாக இரண்டுமே தேய்கின்றன என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆயிரம் பள்ளிக்கு ஒரே படிவத்தில் இந்தக் கடிதத்தை அச்சடித்துக் கொடுக்கத் துடிக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

இரண்டாவது கடிதம் பெரும்பாலும் முதலாவதைவிடச் சிறியதாக இருக்கும், இருக்கவும் வேண்டும். நம் உதாரணத்தில் சீட்டு முறை நடந்து, மூன்று எண்ணும் பழக்கம் வரவில்லை என்று வைத்துக்கொண்டால், தலைமையாசிரியை புதிதாக இரண்டைத் தேடிப் போக வேண்டாம். சீட்டில் வந்த ஒரு தவறை டீச்சர் மறுநாள் எப்படி எடுத்துப் பேசினார் என்பதைப் பலமாக எழுதலாம். மூன்று எண்ணுவது ஏன் வரவில்லை என்று டீச்சரிடமே கேட்டால், பாடம் முடியாது என்ற பயம் என்பார். பயம் நியாயமானது; பருவத் தேர்வுக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும். அப்போது எந்தப் பயிற்சியில் எத்தனை கணக்கை விடலாம் என்று அவரோடு உட்கார்ந்து பாடநூலில் பென்சிலால் அடித்துத் தருவதுதான் தலைமையாசிரியையின் வேலை. அந்த அடித்தலைத் தேதி போட்டு இரண்டாவது கடிதத்தில் எழுதி வைத்துவிட்டால், பாடம் ஏன் முடியவில்லை என்று பின்னால் யாராவது கேட்டாலும் டீச்சர் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.